ஜப்பானிய டேட்டிங் செயலி: அந்தச் சரிக்குறி எதற்குச் சாட்சி?

டோக்கியோவின் எடோகாவா பகுதியில் வசிக்கும் 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மென்பொருள் துறையில் வேலை. ஜப்பானுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகத்தில் ஆங்கிலத்தை வைத்தே காலம் ஓடிவிடுகிறது. ஜப்பானிய எழுத்துகளில் எளியவற்றைக் கூட்டிப் படிப்பார். கான்ஜி (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்து) என்றால் போனின் கேமராவைத்தான் நம்புகிறார். இங்கே பரவலாகப் புழங்கும் டேட்டிங் செயலி ஒன்றில் சேர்ந்திருக்கிறார். திரை முழுக்க ஜப்பானியம். சிபாவில் இருக்கும் 34 வயதுக்காரர் ஒருவரின் அறிமுகப் பக்கம் அவருக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி. கேமரா அதை ‘நபர் சரிபார்க்கப்பட்டார்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. “அப்படியென்றால் திருமணமாகாதவர்தான் என்று நிறுவனமே விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?” என்பது முதல் கேள்வி. அந்தப் பக்கத்தில் இருக்கும் பதில்களை எப்படிப் படிப்பது என்பது இரண்டாவது. தேடலில் வருமான வரம்பு வைத்ததும் டோக்கியோ முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே வருவது ஏன் என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: கூடாது. அந்தக் குறி அவ்வளவு தூரம் போகவில்லை.

இந்தக் குறிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். இணையத்தில் ஆணையும் பெண்ணையும் அறிமுகம் செய்துவைக்கும் சேவைகளை ஒழுங்குபடுத்த ஜப்பான் 2003இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் நோக்கம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் காப்பது. 2008இல் அதைத் திருத்தி, பயனரின் வயதை ஆவணம் பார்த்தோ அதற்கு ஈடான வேறு வழியிலோ உறுதிசெய்ய வேண்டும் என்று கடுமையாக்கினார்கள். ஆக, சட்டம் நிறுவனத்திடம் கேட்கும் முதல் கேள்வி ‘இவருக்கு 18 ஆகிவிட்டதா?’ என்பதுதான். கல்யாணம் ஆனவரா, நல்லவரா என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் கவலை இல்லை.

அதனால் திரையில் முதலில் தேட வேண்டிய சொல் 年齢確認 (நென்ரெய் ககுனின்: வயது உறுதி). இது இருந்தால் 18 வயது முடிந்தவர், அவ்வளவே. இந்தச் சோதனைக்கு ஆவணத்தின் பெயர், பிறந்த தேதி, வழங்கிய அலுவலகம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். சொந்தப் பெயரை மறைத்துக்கூட அனுப்பலாம். அடுத்தது 本人確認 (ஹோன்னின் ககுனின்: ஆள் உறுதி). உங்கள் கேமரா மொழிபெயர்த்தது இதைத்தான். அடையாள அட்டையையும், அப்போதே எடுத்த முகப்படத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று பார்ப்பது இது. வயதுச் சோதனையைவிட நிச்சயம் ஒரு படி மேல். ஆனால் இதிலும் தெரிவது, கணக்கு வைத்திருப்பவர் அந்த அட்டைக்கு உரியவர் என்பது மட்டுமே. ஜப்பானிய ஓட்டுநர் உரிமத்தில் திருமண நிலை அச்சிடப்படுவதில்லை. அட்டையில் இல்லாத ஒன்றை அட்டையைப் பார்த்து எப்படி உறுதிசெய்ய முடியும்?

திருமணமாகாதவர் என்பதற்கு வேறொரு தாள் உண்டு: 独身証明書 (தொகுஷின் ஷோமெய்ஷோ: தனியர் சான்றிதழ்). ஒருவருடைய குடும்பப் பதிவேடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊராட்சி அலுவலகம் இதைத் தரும். திருமணத் தரகு நிலையங்கள் வழக்கமாகக் கேட்பது இதைத்தான். டோக்கியோ பெருநகர அரசு 2024 செப்டம்பரில் தானே ஒரு துணைதேடல் செயலியைத் திறந்தபோது இந்தச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. தனியார் செயலிகளில் பொதுவாக இது விருப்பம்தான். கொடுத்தவருக்குத் தனிக் குறி கிடைக்கும்.

இங்கேதான் ஒரு நுட்பமான வழுக்கல் இருக்கிறது. 独身 என்ற எழுத்துகளைத் தொடர்ந்து 証明 வந்தால் அது சான்று. 誓約 (செய்யகு) என்றோ 宣言 (சென்ஙென்) என்றோ வந்தால் அது உறுதிமொழி. ‘நான் தனியாள்தான்’ என்று அவரே ஒரு பெட்டியைத் தட்டியிருக்கிறார், வேறொன்றும் இல்லை. மொழிபெயர்ப்புக் கருவி இரண்டையும் ஏறத்தாழ ஒரே தொனியில் சொல்லிவிடும். இந்த மூன்று கான்ஜி இணைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கருவியை நம்பாமல் வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணால் ஒப்பிட மொழி தெரிய வேண்டியதில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. ஜப்பானில் மணமானவரோடு உறவு வைத்த மூன்றாம் நபரிடம், அந்த மணமானவருடைய கணவரோ மனைவியோ 慰謝料 (இஷர்யோ: மனவேதனைக்கான இழப்பீடு) கேட்டு வழக்குப் போடலாம். மணமானவர் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியாமல் இருந்ததில் உங்கள் கவனக்குறைவும் இல்லை என்றால் பொறுப்பு உங்கள் மீது விழாது. அப்போது கைகொடுப்பது, அவர் தன்னைத் தனியாள் என்று எழுதியிருந்த அந்தப் பக்கம். ஆகவே நேரில் சந்திக்க முடிவு செய்தால், அதற்கு முன் அவருடைய முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அவர் கணக்கை மூடிவிட்டால் அந்தப் பக்கம் உங்கள் கண்ணுக்கு எட்டாது.

உங்கள் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டில் இந்தியக் குடிமக்களுக்குப் பக்கம் கிடையாது. அதனால் அந்த ஊராட்சிச் சான்றிதழை உங்களால் வாங்க முடியாது. உங்கள் பெயருக்கு அருகில் அந்தக் குறி இல்லாததற்கு நீங்கள் கூச வேண்டாம். வயதுச் சோதனைக்கு ஆவணம் அனுப்பும்போது, செயலியின் விதி அனுமதித்தால் தேவையில்லாத பகுதிகளை மறைத்து அனுப்புங்கள். 2021 மே மாதம் ஒமியாய் (Omiai) என்ற செயலியில் ஊடுருவல் நடந்து, வயதுச் சோதனைக்காகச் சேர்த்து வைத்திருந்த ஆவணப் படங்கள் கசிந்தன. சுமார் 17 லட்சம் கணக்குகள். அனுப்பாத தகவல் கசியாது.

இனி அவருடைய பக்கத்துக்கு வருவோம். அதில் உள்ள கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் தன் சொந்தச் சொல்லில் பதில் எழுதவில்லை. செயலி ஒரு பட்டியலை நீட்டியிருக்கிறது. அவர் அதில் ஒன்றைத் தட்டியிருக்கிறார். ஆகவே ஒரு பதிலின் கனம் அந்தச் சொற்றொடரில் மட்டும் இல்லை. அவர் தொடாமல் விட்ட மற்றப் பதில்களிலும் இருக்கிறது. அந்த முழுப் பட்டியலைப் பார்ப்பது எப்படி? உங்கள் சொந்தப் பக்கத்தைத் திருத்தும் திரைக்குப் போங்கள். அங்கே அதே கேள்வி உங்களுக்கும் இருக்கும். தட்டினால் எல்லாப் பதில்களும் வரிசையாக விரியும். ஒரு முறை அவற்றை மொழிபெயர்த்து வரிசையோடு குறித்துக்கொண்டால், பிறகு எத்தனை பேரின் பக்கத்தைப் பார்த்தாலும் திரும்ப மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இதற்குப் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தையே எடுத்துக்கொள்வோம். திருமண விருப்பம் பற்றிய இடத்தில் அவர் தேர்ந்திருப்பது இது:

```
結婚に対する意思：いい人がいればしたい
```

கேமரா இதை ‘நல்லவர் இருந்தால் வேண்டும்’ என்றதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து, ஒழுக்கமான பெண்ணைத் தேடுகிறார் என்று நினைத்துவிட்டீர்கள். பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘உடனேயே மணம் செய்துகொள்ள விருப்பம்’, ‘இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்’, ‘தகுந்தவர் அமைந்தால்’, ‘இப்போதைக்கு எண்ணமில்லை’, ‘தெரியவில்லை’ என்கிற மாதிரி இருக்கும். சொற்கள் செயலிக்குச் செயலி சற்று மாறலாம். அவர் எடுத்தது நடுவில் இருப்பது. மேலே கால வரம்போடு இரண்டு பதில்கள் இருந்தும் அவற்றைத் தொடவில்லை. கீழே இருக்கும் மறுப்பையும் தொடவில்லை. நம் ஊரில் ‘பார்க்கலாம், நல்ல இடமா அமையட்டும்’ என்பார்களே, அந்த அளவுதான். அதில் ஒழுக்கப் பேச்சும் இல்லை, வாக்குறுதியும் இல்லை.

அடுத்து, திருமண வரலாறு என்ற இடத்தில் 独身（未婚） என்று இருக்கிறது. அடைப்புக்கு வெளியே உள்ள 独身 ‘இப்போது துணை இல்லை’ என்று மட்டும் சொல்கிறது. உள்ளே இருப்பதுதான் செய்தி. 未婚 என்றால் இதுவரை மணமே ஆகாதவர்; 離婚 என்றால் மணவிலக்குப் பெற்றவர்; 死別 என்றால் துணையை இழந்தவர். கருவி சில சமயம் அடைப்பை விழுங்கிவிட்டு எல்லோரையும் ‘ஒற்றை’ ஆக்கிவிடும். மணவிலக்குப் பெற்றவர்கள் தங்களை பாட்சுஇச்சி (バツイチ) என்று எழுதுவதும் உண்டு. ‘ஒரு பெருக்கல் குறி’ என்று பொருள். பழைய குடும்பப் பதிவேட்டில் பிரிந்துபோனவரின் பெயர் மேல் குறுக்குக் கோடு போடுவார்கள். அதிலிருந்து வந்த பேச்சு வழக்கு. கேமரா இதைத் தேர்வில் தவறிய மதிப்பெண் மாதிரி ஏதாவது சொன்னால் பதற வேண்டாம்.

உங்களை நெருடியது அடுத்த இரண்டு பதில்கள். விடுமுறை: 平日 (வேலை நாள்கள்). சந்திப்பு: マッチング後にまずは会いたい (பொருத்தம் அமைந்ததும் முதலில் சந்திக்க விருப்பம்). வார நாளில் மட்டும் ஓய்வு, உடனே பார்க்கவும் ஆசை என்றால் வீட்டில் மனைவி இருப்பாரோ என்று கேட்கிறீர்கள். சந்தேகம் நியாயமானது, முடிவு அவசரமானது. இங்கே வீட்டுமனைத் தரகு அலுவலகங்கள் பல புதன்கிழமை அடைத்திருக்கும். முடிதிருத்தும் நிலையங்களுக்குத் திங்கள் அல்லது செவ்வாய் விடுமுறை. கடை, மருத்துவமனை ஊழியர்களும் வார இறுதியில் வேலை செய்வார்கள். ஆகவே விடுமுறையைத் தொழிலோடு சேர்த்துப் படியுங்கள். அவர் தன் தொழில் என்று தேர்ந்திருப்பது 不動産 (வீடு, நிலம் சார்ந்த துறை). பொருந்துகிறது. அரசு ஊழியர் என்று போட்டுவிட்டு வார நாளில் மட்டும் ஓய்வு என்று சொல்லியிருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

முகம் பாதி மறைந்த படத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற அச்சத்துக்கு இங்கே 身バレ (மிபாரே) என்று ஒரு சொல்லே இருக்கிறது. அலுவலகத்தில் தெரியக்கூடாது என்று முகக்கவசத்தோடும் பின்புறமாகவும் படம் போடுபவர்கள் ஏராளம். அது மட்டும் போலிக்கு அடையாளம் ஆகாது. ‘நண்பர் சொல்லிச் சேர்ந்தேன்’ என்ற தொடக்க வரியும் பலரிடம் இருக்கும். ‘வீட்டில் வற்புறுத்தினார்கள்’ என்று நம் மணமகன்கள் சொல்வதற்குச் சமம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது அவர் எழுதியதில் இல்லை, நடந்துகொள்வதில் இருக்கிறது. ஓரிரு செய்திகளுக்குள் லைனுக்கு (LINE) வரச் சொல்லி அவசரப்படுத்துவது, பேச்சு முதலீடு பக்கம் திரும்புவது, இரவிலும் பண்டிகை நாள்களிலும் ஒருபோதும் கிடைக்காமல் இருப்பது ஆகியவைதான் கவலைக்குரியவை. முதல் இரண்டைச் செய்பவர்களை இங்கே 業者 (க்யோஷா: தொழிலாகவே ஏமாற்றுபவர்) என்பார்கள். மூன்றாவதைச் சோதிக்க நல்ல வழி, சந்திப்புக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு காணொளியில் பேசலாமா என்று கேட்பது. இந்த வரியை அப்படியே அனுப்பலாம், மரியாதையான வாசகம்தான்:

```
会う前に、一度ビデオ通話でお話しできますか。
```

தட்டிக்கழிப்பதற்கும் வேலை நேரத்தைச் சொல்லி வேறு இரவு கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை மொழிபெயர்ப்பிலும் உணர முடியும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆண்டு வருமானம் என்ற இடத்தில் 1000万円以上 என்பதைத் தேர்ந்ததாகவும், அதை 10 லட்சம் யென் என்று எடுத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 万 (மன்) என்பது பத்தாயிரம். நமக்கு லட்சக் கணக்கு பழக்கம் என்பதால் ஒரு சுருக்கு வழி சொல்கிறேன்: 万 எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண்ணில் கடைசிப் பூஜ்யம் ஒன்றை நீக்குங்கள், மிஞ்சுவது லட்சம். 400万 என்றால் 40 லட்சம் யென். 1000万 என்றால் 100 லட்சம், அதாவது ஒரு கோடி யென். ஜப்பானிய தேசிய வரி முகமையின் கணக்குப்படி 2023இல் தனியார் துறை ஊழியரின் சராசரி ஆண்டு ஊதியம் 460万. ஒரு கோடிக்கு மேல் வாங்குபவர் ஏறக்குறைய இருபதில் ஒருவர். வயது, ஊர், உயரம் என்று மற்ற வரம்புகளும் சேர்ந்தபோது பட்டியல் வற்றிப்போனதில் வியப்பில்லை. இந்த எண் வருமானச் சான்று கொடுத்தவரைத் தவிர மற்றவர்களுக்கு அவர்களே சொன்னதுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் எழுத்துகளிலும் கவனம் தேவை. 以上 (இஜோ) என்றால் அந்த எண்ணும் அதற்கு மேலும். 以下 (இகா) என்றால் அந்த எண்ணும் அதற்குக் கீழும். 未満 (மிமான்) என்றால் அந்த எண்ணைத் தொடாமல் அதற்குக் கீழ். 35歳以下 என்பதில் 35 வயதுக்காரர் வருவார். 35歳未満 என்பதில் வரமாட்டார்.

இதைவிடப் பெரிய ஆளிழப்பு வேறொரு இடத்தில் நடக்கிறது. பல செயலிகளில், ஒரு கேள்விக்குப் பதிலே போடாதவர்கள், அந்தக் கேள்வியை வைத்து நீங்கள் வடிகட்டிய உடனே காணாமல் போய்விடுவார்கள். புகைபிடிக்காதவர் என்று வடிகட்டினால், புகைபிடிக்காமலே இருந்து அந்தப் பெட்டியை நிரப்பாமல் விட்டவரும் போய்விடுவார். ஆகவே எல்லா வரம்புகளையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் こだわらない அல்லது 指定なし (வரம்பு இல்லை) என்று மாற்றுங்கள். பிறகு வயது, ஊர் இரண்டை மட்டும் வைத்துத் தேடுங்கள். அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்த்தபோது எண்ணிக்கை திடீரென விழுகிறது என்று பாருங்கள். விழச் செய்ததைத் தளர்த்திவிட்டு, அந்த விவரத்தை ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஊர் விஷயத்தில் 居住地 (இப்போது வசிக்கும் இடம்), 出身地 (சொந்த ஊர்) இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவதில் டோக்கியோ என்று போட்டால், ஒசாகாவுக்குக் குடிபோன டோக்கியோக்காரர்கள் வருவார்கள்.

செயலிக்குள் எழுத்தை நகலெடுக்க முடியாதபோது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, Google Lens போன்ற கருவியில் திறப்பதே எளிது. மறுமுனையில் இருப்பவரின் படத்தை வெட்டிவிட்டு எழுத்துப் பகுதியை மட்டும் கொடுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை பாருங்கள்; இரண்டும் வேறு வேறு சொன்னால் அந்த வரியை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று பொருள். ஜப்பானியச் சக ஊழியரிடம் போனை நீட்டிப் படித்துச் சொல்லச் சொல்வது சிலருடைய வழக்கம். அது மறுமுனையில் இருப்பவர் அஞ்சுகிற மிபாரேயை நீங்களே செய்து கொடுப்பதாகிவிடும். ஒரு வரியைத் தாளில் எழுதிக் கேட்பதில் தவறில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வெளியேற முடிவு செய்யும்போது திரையில் 退会 (தாய்காய்) என்ற சொல்லைத் தட்டுவீர்கள். அது உறுப்பினர் கணக்கை மூடுவது. மாதக் கட்டணத்தை நிறுத்துவதற்கான சொல் 解約 (காய்யகு). இந்த வகைச் செயலிகள் பலவற்றில் பெண்களுக்கு அடிப்படைச் சேவை இலவசம், ஆண்களுக்கே கட்டணம் என்பதால் உங்களுக்கு இது எழாமல் இருக்கலாம். கூடுதல் வசதி எதையாவது வாங்கியிருந்தால் எழும். 自動更新 (தானாகப் புதுப்பித்தல்) என்று போட்டு வாங்கியதை, போனின் ஆப் ஸ்டோர் அல்லது கூகுள் பிளே சந்தாப் பட்டியலுக்குப் போய் முதலில் நிறுத்துங்கள். அந்தப் பட்டியல் உங்கள் போனின் மொழியிலேயே இருக்கும். அதன்பின் கணக்கை மூடுங்கள். வரிசை மாறினால் கணக்கு போய்விடும், கட்டணம் நிற்காது.